தங்கையின் பேறுகாலத் திட்டம்: பிப்ரவரி முதல் அக்டோபர் வரை

அன்புள்ள தங்கைக்கு,

நேற்று தொலைபேசியில் நீ கேட்டபடி ஒன்பது மாதங்களுக்கான திட்டத்தை எழுதி அனுப்புகிறேன். இதைப் படி எடுத்து மாப்பிள்ளையிடம் ஒன்றும் அம்மாவிடம் ஒன்றும் கொடுத்துவிடு. மருத்துவரின் சொல்லுக்கு இது மாற்று அன்று. அவர் தேதியை மாற்றினால் அதையே பின்பற்ற வேண்டும்.

உன் கடைசி மாதவிலக்கு ஜனவரி 5 அன்று தொடங்கியதாகச் சொன்னாய். உனக்குச் சுழற்சி சீராக வருவதால், 280 நாள் கூட்டினால் எதிர்பார்க்கும் பிரசவ தேதி 2026 அக்டோபர் 12. இந்தத் தேதிதான் குழந்தை பிறக்கும் நாள் என்று யாரும் நாள் குறிக்க வேண்டாம். 37 வாரம் முடியும் செப்டம்பர் 21 முதல் எந்த நாளும் பிரசவத்துக்கு உரிய நாளே. ஜனவரி 5 திங்கட்கிழமையாக அமைந்ததால், ஒவ்வொரு திங்களும் உனக்கு ஒரு வாரம் நிறைகிறது.

பதினாறு ஆண்டுகள் பிரசவ வார்டில் வேலை பார்த்தவள் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டு மாதம் ஓர் ஊரில் பார்த்துவிட்டு, வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்கு வரும் பெண், வலி எடுத்த இரவில் முதன்முறையாக ஒரு மருத்துவமனைக்குள் நுழையும்போது, அவளுடைய ரத்த வகை முதல் ஸ்கேன் முடிவு வரை எதுவும் அங்கே இருக்காது. பழைய கோப்பு திருப்பூரில் பீரோவுக்குள் இருக்கும். நீ திருப்பூரில் பார்த்துக்கொண்டு சங்கரன்கோவிலில் பிரசவம் வைத்துக்கொள்ளப் போவதால், இந்தத் திட்டம் முழுவதும் அந்த இடமாற்றத்தைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

பிப்ரவரி, மார்ச்

இந்த வாரமே உன் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைப் பதிவு செய். தனியார் மருத்துவரிடம்தான் பார்க்கப் போகிறாய் என்றாலும் இந்தப் பதிவு வேண்டும். அரசின் கர்ப்பப் பதிவுத் தளமான பிக்மியில் பதிந்ததும் கிடைக்கும் 12 இலக்க ஆர்.சி.ஹெச். எண் தமிழ்நாடு முழுவதும் ஒன்றே என்பதால், சங்கரன்கோவிலுக்கு நீ வந்தாலும் அதே எண் உன்னுடன் வரும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அதைக் கேட்பார்கள். 12 வாரத்துக்குள் பதிவது நல்லது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு உன் குடும்ப வருமானம் பொருந்துமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்.

முதல் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், ரத்த வகை, சர்க்கரை, தைராய்டு, ஹெச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சிபிலிஸ் ஆகியவையும் சிறுநீரும் பார்ப்பார்கள். நாள் கணக்கை உறுதி செய்யும் முதல் ஸ்கேனை பிப்ரவரி 23க்கும் மார்ச் 7க்கும் இடையில் வைத்துக்கொள். கர்ப்பம் கருப்பைக்குள்தான் இருக்கிறதா, இதயத் துடிப்பு வந்துவிட்டதா என்பதும் அதில் தெரியும். ஃபோலிக் அமில மாத்திரையை ஏற்கெனவே தொடங்கியிருப்பாய், விடாதே. டி.டி. தடுப்பூசியின் முதல் தவணையைப் பதிவின்போதும், இரண்டாவதை நான்கு வாரம் கழித்தும் போடுவார்கள்.

குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் உள்ள நீர்ப்படலத்தின் தடிப்பை அளக்கும் என்.டி. ஸ்கேனுக்கு உரிய காலம் மிகக் குறுகியது. 11 வாரம் முடிந்ததிலிருந்து 13 வாரம் 6 நாள் வரை, அதாவது மார்ச் 23 முதல் ஏப்ரல் 12 வரைக்குள் எடுத்தால்தான் அந்த அளவுக்குப் பொருள் உண்டு. அதனுடன் டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையும் சேரும். பங்குனியில் நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் இருக்கிறது என்று தள்ளிப்போடாமல், மார்ச் கடைசி வாரத்துக்கே இப்போது நேரம் வாங்கிவிடு. ஸ்கேன் மையத்தில் ஆதார் நகல் கேட்டுப் படிவம் நிரப்புவார்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் குற்றம் என்பதை, ஆர்வ மிகுதியில் இருக்கும் உன் மாமியாருக்கு நீயே மெதுவாகச் சொல்லிவிடு.

ஏப்ரல் முதல் ஜூன் வரை

மாதம் ஒருமுறை போனால் போதும். ஒவ்வொரு முறையும் எடை, ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம் ஆகிய மூன்றும் பார்க்கப்பட்டு அட்டையில் எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டு வா. வெறும் கட்டம் போட்டு விட்டுவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஏப்ரலில் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் தொடங்கும். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் கால்சியம் இரும்பை உடலில் சேரவிடாது. ஆகவே கால்சியத்தைச் சாப்பாட்டுடனும், இரும்பை இரண்டு மணி நேர இடைவெளி விட்டு எலுமிச்சைச் சாற்றுடனோ நெல்லிக்காயுடனோ எடுத்துக்கொள். மாத்திரை போட்ட கையோடு டீ குடிப்பது அந்த மாத்திரையை வீணாக்குவதாகும். உன் டீப் பழக்கம் தெரிந்துதான் சொல்கிறேன். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை. முருங்கைக்கீரையை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. இந்த மாதங்களில் ஒருமுறை பூச்சி மாத்திரையும் தருவார்கள்.

குழந்தையின் உறுப்புகளைத் தலை முதல் கால் வரை பார்க்கும் அனாமலி ஸ்கேனை மே 11 முதல் 23க்குள் எடுத்துவிடு. 20 வாரம் முடியும் மே 25க்கு முன்பே அது முடிய வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஏதேனும் பெரிய குறை தெரிந்தால் மறு ஸ்கேன், சிறப்பு மருத்துவர், முடிவு எல்லாவற்றுக்கும் நாள் வேண்டும். கருக்கலைப்புச் சட்டத்தில் 20, 24 வாரம் என்ற வரம்புகளும் இருக்கின்றன. நல்லதாகவே முடியும், ஆனால் நாளை மட்டும் கடத்திவிடாதே.

ஜூன் 22க்கும் ஜூலை 20க்கும் இடையில் சர்க்கரைப் பரிசோதனையை மறுபடியும் செய்ய வேண்டும். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. சென்னை மருத்துவர் வி. சேஷையா வலியுறுத்திய இந்த முறையில் வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. குடித்தபின் வாந்தி வந்தால் சொல்லாமல் இருந்துவிடாதே. வேறொரு நாள் செய்ய வேண்டியிருக்கும். அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் உனக்கு இது முக்கியம்.

ஜூலை, ஆகஸ்ட்

உன் ரத்த வகை ஓ நெகட்டிவ், மாப்பிள்ளையுடையது பி பாசிட்டிவ். குழந்தையின் ரத்தம் பாசிட்டிவாக இருந்து உன் ரத்தத்தில் கலந்தால், உன் உடல் அதற்கு எதிர்ப்பொருளை உண்டாக்கும். இந்தக் குழந்தையைவிட அடுத்த குழந்தைக்கே அது கேடு. அதைத் தடுக்க, ஐ.சி.டி. என்ற ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பொருள் இல்லை என்று உறுதி செய்தபின், 28 வாரம் நிறையும் ஜூலை 20ஐ ஒட்டி ஆன்டி-டி ஊசி போட வேண்டும். குழந்தை பாசிட்டிவ் என்று தெரிந்தால் பிறந்த 72 மணி நேரத்துக்குள் மறுபடியும் ஒன்று. இடையில் எப்போதாவது ரத்தப்போக்கு ஏற்பட்டாலும், வயிற்றில் பலமாக அடிபட்டாலும், உன் வகையை மருத்துவரிடம் நீயாகவே சொல்.

வளைகாப்பை ஏழாம் மாதத்தில் வைத்தால் ஆடி குறுக்கிடுகிறது என்று பெரியவர்கள் ஒன்பதாம் மாதத்துக்குத் தள்ளியிருக்கிறார்கள். ஆகஸ்ட் 30 ஞாயிறு அன்று என்பதில் எனக்கு மறுப்பில்லை. மறுநாள் உனக்கு 34 வாரம் நிறைகிறது. ஆனால் சங்கரன்கோவிலில் பிரசவம் பார்க்கப்போகும் மருத்துவரை அதற்கு முன்பே ஒருமுறை நீ சந்தித்தாக வேண்டும். ஜூலை கடைசியில் ஒரு வெள்ளி, சனி இங்கே வந்துபோ. ஆடித் தபசுக் கூட்டத்தில் மட்டும் மாட்டிக்கொள்ளாதபடி நாளைப் பார்த்துக்கொள். ஓ நெகட்டிவ் ரத்தம் உடனே கிடைக்குமா, அறுவை சிகிச்சைக்கு இரவிலும் மயக்க மருத்துவர் வருவாரா, பச்சிளங்குழந்தைப் பிரிவு இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளையும் அன்றே கேட்டுவிடலாம். இல்லையென்ற பதில் வந்தால் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையே முதல் இடமாக வைத்துக்கொள்வோம்.

28 வாரத்துக்குப் பின் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பரிசோதனை. ஆகஸ்ட் 17ஐ ஒட்டி வளர்ச்சி ஸ்கேன் ஒன்று. விடுப்பில் 26 வாரத்தில் எட்டு வாரம் வரைதான் பிரசவத்துக்கு முன் எடுக்கலாம். ஆகஸ்ட் 31 முதல் எடுத்தால் முன்னே ஆறு, பின்னே இருபது என்று அமையும். அலுவலகத்துக்கு எழுத்து மூலமான அறிவிப்பை ஜூலையிலேயே கொடுத்து நகல் வாங்கிக்கொள்.

கடைசி வாரங்களுக்கான சரிபார்ப்புப் பட்டியல்

செப்டம்பர் 14 முதல் வாரம் ஒருமுறை பரிசோதனை. கீழே உள்ளவை அதற்கு முன் முடிந்திருக்க வேண்டும்.

☐ தாய் சேய் நல அட்டை, எல்லா ஸ்கேன் முடிவுகள், ரத்தப் பரிசோதனைத் தாள்கள், இருவரின் ஆதார், காப்பீட்டு அட்டை, வங்கிப் புத்தக நகல் ஆகியவை ஒரே கோப்பில் இருக்கின்றன. கோப்பின் முகப்பில் "ஓ நெகட்டிவ்" என்று பெரிதாக எழுதியிருக்கிறது. எல்லாவற்றின் படமும் மாப்பிள்ளையின் கைபேசியில் உள்ளது.

☐ கடைசி ஸ்கேனில் குழந்தையின் தலை கீழே இருக்கிறதா, நஞ்சு எங்கே இருக்கிறது என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாயிற்று. ஹீமோகுளோபின் மறுபடி பார்த்தாயிற்று.

☐ ஓ நெகட்டிவ் ரத்தம் கொடுக்க இரண்டு பேர் ஒப்புக்கொண்டு, அவர்களுடைய எண்கள் எழுதப்பட்டுள்ளன. நவராத்திரி விடுமுறை அக்டோபர் 12ஐ ஒட்டியே வருவதால், ஊரில் இருப்பார்களா என்று கேட்டாயிற்று.

☐ பிரசவத்துக்குப் பின் போட வேண்டிய ஆன்டி-டி ஊசி மருத்துவமனையிலேயே இருக்கிறதா, நாம் வாங்க வேண்டுமா என்பது தெரியும். வாங்குவதானால் எந்த மருந்துக்கடையில், குளிர்ச்சி குறையாமல் எப்படிக் கொண்டுவருவது என்பதும் தெரியும்.

☐ தெரிந்த வாடகைக் காரோட்டி இருவரின் எண்கள் உள்ளன; யாரும் எடுக்காவிட்டால் 108. மழைக்காலம் தொடங்கும் நேரம் என்பதால் திருநெல்வேலிக்கு இரண்டு வழியும் அண்ணன் பார்த்து வைத்திருக்கிறார்.

☐ உன் பை: முன்பக்கம் திறக்கும் நைட்டி நான்கு, உள்ளாடைகள், பெரிய நாப்கின் இரண்டு பொட்டலம், துண்டு, போர்வை, செருப்பு, சீப்பு, ஃப்ளாஸ்க், டம்ளர், சார்ஜர்.

☐ குழந்தையின் பை: துவைத்து வெயிலில் காயவைத்த பழைய மெல்லிய பருத்தித் துணிகள் பன்னிரண்டு, தொப்பி, காலுறை, கனமான துண்டு ஒன்று. புதுச்சட்டையை முதல் நாள் போட வேண்டாம். கஞ்சி போட்ட துணி உறுத்தும்.

☐ வளைகாப்பு வளையல்களை மருத்துவமனைக்குப் புறப்படும்போது கழற்றிவிடுவதற்கு அம்மா சம்மதித்துவிட்டார். கண்ணாடி வளையல் நிறைந்த கையில் ஊசி ஏற்றுவது எவ்வளவு சிரமம் என்பதை அவரிடம் நானே சொல்லிவிட்டேன்.

☐ உன்னுடன் உள்ளே இருப்பது யார், வெளியே பணமும் கோப்பும் வைத்திருப்பது யார் என்று முடிவாகியிருக்கிறது.

☐ பிறந்த குழந்தைக்குச் சீனித் தண்ணீரோ தேனோ தொட்டுவைக்கும் சேனை வேண்டாம் என்று இரு வீட்டாரும் ஒப்புக்கொண்டார்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் காமாலை பி தடுப்பூசி, பி.சி.ஜி.யும் போலியோ சொட்டும் வீடு திரும்பும் முன்.

☐ தினமும் சாப்பிட்டபின் இடப்பக்கமாகப் படுத்து அசைவை எண்ணுகிறாய். இரண்டு மணி நேரத்தில் பத்து வராவிட்டாலும், வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றினாலும், மறுநாள் வரை பொறுக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போவோம்.

வலி விட்டுவிட்டு வந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று ஒரு மணி நேரம் நீடித்தால் புறப்படலாம். பனிக்குட நீர் கசிந்தால் வலி இல்லாவிட்டாலும் புறப்பட வேண்டும். நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதே. ரத்தப்போக்கு, கடும் தலைவலி, கண் மங்கல், முகத்தில் வீக்கம், மேல்வயிற்று வலி, காய்ச்சல், வலிப்பு ஆகியவை எந்த மாதத்தில் வந்தாலும் இதே விதிதான். ரத்த அழுத்தம் 140/90 ஐத் தொட்டால் எனக்கும் சொல்.

அக்டோபர் 12 கடந்தும் வலி வராவிட்டால் பயப்படாதே, ஆனால் வீட்டிலும் இருந்துவிடாதே. 41 வாரம் நிறையும் அக்டோபர் 19க்கு முன்பே வலி வரவழைப்பது குறித்து மருத்துவரிடம் நாள் வாங்கிவிடு. செப்டம்பர் 21 முதல் என் கைபேசி இரவிலும் திறந்தே இருக்கும். நான் பணியில் இருந்தால் உன் அத்தானை அழை.

இப்படிக்கு,
உன் அக்கா
பிப்ரவரி 18, 2026