பின்னக் கூட்டல் ஷீட் திருத்திட்டேன் தம்பி, பகுதில தான் சிக்கல்

தம்பி, ஷீட் முழுசா பாத்துட்டேன். 10க்கு 3 ரைட்டு, 3வது 4வது 7வது. மார்க்க பாத்து மனசு விட்றாத. தப்பான 7 கணக்கையும் வரிசையா வச்சு பாத்தேன், ஏழு விதமான தப்பு கிடையாது, ரெண்டே பழக்கம் தான் திரும்ப திரும்ப வருது, ரெண்டுமே பகுதில, அதாவது கோட்டுக்கு கீழ இருக்குற நம்பர்ல.

முதல் பழக்கம், மேலயும் மேலயும் கூட்டி கீழயும் கீழயும் கூட்டிட்ற. 1வது கணக்கு 2/7 + 3/7, நீ 5/14 போட்ருக்க. 7ங்குறது எத்தனை துண்டா வெட்டினோம்ங்கிறது, எத்தனை துண்டு எடுத்தோம்ங்கிறது மேல இருக்கு. ரெண்டு துண்டும் மூணு துண்டும் சேந்தா அஞ்சு துண்டு, வெட்டினது ஏழாவே தானே இருக்கு, அதனால 5/7. இது உனக்கு எங்க இருந்து வந்துச்சுனு யோசிச்சேன், டெஸ்ட் மார்க்ல இருந்து தான்னு நினைக்கிறேன். ஒரு டெஸ்ட்ல 7/10, இன்னொன்னுல 8/10, மொத்தம் 15/20னு எழுதுவோம்ல, அங்க ரெண்டு தனித்தனி பேப்பர் சேருது அதனால மொத்தமே 20 ஆயிடுது. பின்னக் கூட்டல்ல அப்படி இல்ல, முழுசு எப்பவும் ஒன்னு தான்.

2வது கணக்கு 1/2 + 1/3, விடை 2/5. ரப்பர் போட்டு அழிச்ச இடத்துல 5/6 லேசா தெரியுது, அது தான் தம்பி ரைட்டு! ஏன் அழிச்ச? இனிமே சந்தேகம் வந்தா இப்படி பாரு, 10 செமீ கோடு ஒன்னு போடு, அதுல பாதி 5 செமீ. 2/5னா 4 செமீ. பாதி கூட இன்னும் கொஞ்சம் சேத்த அப்புறம் பாதிய விட கம்மியா வருமா, வராதுல்ல, அப்போ விடை தப்புனு திருத்துறதுக்கு முன்னாடியே உனக்கே தெரிஞ்சிடும்.

10வதும் இதே தான். 1 1/2 + 2 3/4க்கு 3 4/6னு போட்ருக்க. ஒன்றரையும் ரெண்டேமுக்காலும் எவ்ளோனு வாய்விட்டு சொல்லு, நாலேகால்னு வந்துரும். 4வதுல 1/2 + 1/4க்கு ஸ்டெப்பே இல்லாம 3/4னு கரெக்டா எழுதிருக்கியே, அரையும் காலும் முக்கால்னு உனக்கு நல்லா தெரியும், அதே மூளைய இங்கயும் யூஸ் பண்ணு.

ரெண்டாவது பழக்கம் தான் கொஞ்சம் ஆழமானது, நிதானமா படி. 5வது, 3/4 + 1/6. மீ.சி.ம 12னு அழகா கண்டுபுடிச்ச, அப்புறம் 3/12 + 1/12 = 4/12னு எழுதிட்ட. கீழ 4அ 12 ஆக்கிட்ட, மேல 3 அப்படியே நிக்குது. 4அ 3ஆல பெருக்கினா தான 12, அப்போ மேல இருக்குற 3யும் 3ஆல பெருக்கி 9/12. 1/6க்கு ரெண்டால பெருக்கினா 2/12. சேத்தா 11/12. 6வது 2/3 + 1/5லயும் இதே கதை, 3/15 இல்ல, 10/15 + 3/15 = 13/15.

9வது 2 + 1/3, நீ 3/3 போட்ருக்க, அதாவது 1. ரெண்டுல ஆரம்பிச்சு கூட்டி ஒன்னுல வந்து நிக்கிற! 2அ 2/3 ஆக்கிட்ட, அது 6/3. விடை 7/3, இல்லனா 2 1/3.

8வது தான் ஏமாத்துற கணக்கு. 1/6 + 4/9க்கு பெரிய நம்பர் 9அ பொதுவா எடுத்து 1/9 + 4/9 = 5/9. 6ஆல பெருக்கி 9 வராது, 18 தான் ரெண்டுக்கும் பொது. 3/18 + 8/18 = 11/18. உன் 5/9ங்குறது 10/18, ரைட் விடைக்கு ஒட்டிக்கிட்டு நிக்குது, அதனால செமீ கோடு வச்சு இத புடிக்க முடியாது, ஸ்டெப்ப தான் பாக்கணும்.

7வது 5/6 + 3/8க்கு 48 எடுத்து 58/48 கொண்டு வந்துட்ட. மீ.சி.ம 24, ஆனா 48 எடுத்தது தப்பே இல்ல, ஃபுல் மார்க். சுருக்கினா 29/24.

3வதுல ஓரத்துல கட்டம் போட்டு நாலா பிரிச்சு ஷேட் பண்ணிருக்க பாரு, எனக்கு அவ்ளோ சந்தோஷம். 1வதும் அதே மாதிரி கணக்கு தான், அங்க கட்டம் போடல, தப்பாயிடுச்சு. திங்கக்கிழமை வரும்போது 1, 2, 10அ கட்டம் போட்டும், 5, 6, 8, 9அ எதால பெருக்கினனு ஒவ்வொரு பின்னத்துக்கு பக்கத்துலயும் எழுதியும் கொண்டு வா. கூடவே 3/10 + 1/4 ஒன்னு போட்டு பாரு, பொதுவான பகுதி 20 வருதானு சொல்லு.