நாற்பதில் கறுப்புக் கோட்டு

மும்பை குர்லா நீதிமன்ற வாசலில் இந்தப் படத்தை எடுத்தவன் என் மகன். பத்தாம் வகுப்பு படிக்கிறான். சிரிக்கச் சொன்னான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோட்டின் கை இரண்டு விரற்கடை நீளம். சயானில் தைக்கக் கொடுத்தபோது தையல்காரர், "மகளுக்கா?" என்று கேட்டார். எனக்குத்தான் என்று சொல்ல ஒரு கணம் கூச்சமாக இருந்தது.

பதினாறு ஆண்டுகள் மஸ்ஜித் பந்தரில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் அலுவலகத்தில் வேலை. நவா சேவா துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்குத் தாள் தயாரிப்பது. கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம், அப்படித்தான் கடைசி ஆண்டுகளில் செய்தேன். முப்பத்தேழில் சட்டக் கல்லூரி. காலை ஏழு மணி வகுப்பு முடிந்து அலுவலகத்துக்கு ஓட்டம். பெஞ்சில் பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. அவள் ஒரு முறை படித்ததை நான் நான்கு முறை படித்தேன். வயது வெறும் எண் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். மறதி எண் இல்லை. முழங்கால் வலியும் எண் இல்லை.

பயம் எதைப் பற்றி என்று கேட்டால், முதலில் பணம். கடைசிச் சம்பளம் ஐம்பத்திரண்டாயிரம். இப்போது ஜூனியர் வழக்கறிஞரான எனக்குச் சீனியர் தருவது எட்டாயிரம், அதுவும் அவர் மனம் நல்லது என்பதால். சேமிப்பு பதினான்கு மாதம் தாங்கும் என்று நானும் கணவரும் சமையலறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஐந்து மாதம் கரைந்துவிட்டது. அந்த நோட்டை இப்போதெல்லாம் இருவருமே திறப்பதில்லை.

அடுத்தது மராத்தி. தாராவியில் பிறந்து வளர்ந்தவள், பேச்சில் யாருக்கும் சளைத்தவள் இல்லை. ஆனால் சாட்சிகள் முன்னிலையில் போலீஸ் கையால் எழுதிய ஒரு பஞ்சநாமாவை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டும்போது எதிரே கட்சிக்காரர் காத்திருந்தால் வியர்த்துவிடுகிறது.

நரைமுடியால் வரும் சங்கடம் தனி. என் சீனியருக்கு வயது முப்பத்து மூன்று. என்னை 'தாயி' என்பார், மராத்தியில் அக்கா. வருகிறவர்கள் நேராக என்னிடம் வந்து வணக்கம் சொல்லி வழக்கைக் கொட்டுவார்கள். வழக்கறிஞர் அவர், வழக்குக் கட்டைத் தூக்குகிறவள் நான் என்று விளக்குவதற்குள் அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டுமே!

சின்ன வயதில் தம்பிக்காகப் பரிந்து பேசினால், "நீ என்ன அவனுக்கு வக்காலத்தா?" என்று அம்மா அதட்டுவார். இப்போது உண்மையிலேயே என் அன்றாட வேலை வக்காலத்தில் கையெழுத்து வாங்குவதுதான். அம்மாவிடம் சொன்னேன். "இதற்கா மூன்று வருடம் படித்தாய்?" என்றார்.

ஒன்று மட்டும் எனக்குச் சாதகமாக நடந்தது. முதல் ஆண்டில் இந்திய தண்டனைச் சட்டத்தின் 511 பிரிவுகளோடு மல்லுக்கட்டினேன். கொலைக்கு 302, ஏமாற்றுக்கு 420. பிறகு 2024 ஜூலை 1 அன்று பாரதிய நியாய சம்ஹிதை வந்தது. 358 பிரிவுகள். 302 போய் 103, 420 போய் 318. அழுதேவிட்டேன். ஆனால் நீதிமன்றத்துக்கு வந்த பிறகுதான் கவனித்தேன், முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர்களும் வாதத்தின் நடுவே பழைய எண்ணைச் சொல்லிவிட்டுப் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள். அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்துவதால் இரண்டையும் சுமக்க வேண்டியிருக்கிறது. பழக்கத்தை மறக்க வேண்டிய தொல்லை அவர்களுக்கு, எனக்கு அது இல்லை. அன்று மதியம் இரண்டு சப்பாத்தி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

2024 ஜூலைக் கடைசியில் உச்ச நீதிமன்றம், வழக்கறிஞராகப் பதிவு செய்யும் கட்டணமாகப் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. பல மாநிலங்களில் பதினைந்தாயிரத்துக்கும் மேல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஓர் ஆண்டு முன்னால் படித்து முடித்திருந்தால் அதற்கும் கடன்தான். தாமதத்துக்கு இப்படியும் ஒரு கூலி! அகில இந்திய பார் தேர்வு இன்னும் பாக்கி இருக்கிறது. பதிவு செய்த இரண்டு ஆண்டுகளுக்குள் தேற வேண்டும்.

எல்லாரும் தெற்கே போகும் நேரத்தில் நான் சயானிலிருந்து வடக்கே போகிறேன். பதினாறு ஆண்டுகளில் முதல்முறையாக ரயிலில் உட்கார இடம் கிடைக்கிறது. ஒரே ஒரு நிலையம்தான், உட்காருவதற்குள் குர்லா வந்துவிடுகிறது.

நாளை ஒரு வாய்தா. சீனியர் வேறு நீதிமன்றத்தில் இருப்பார், எழுந்து நின்று அவகாசம் கேட்க வேண்டியவள் நான். மொத்தம் ஒரு வாக்கியம், மராத்தியில். சாயங்காலத்திலிருந்து கண்ணாடி முன் சொல்லிப் பார்க்கிறேன். மகன் பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு என் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டிருக்கிறான்.

#நாற்பதில்ஜூனியர் #மும்பைத்தமிழர் #கறுப்புக்கோட்டு