சாம்பிள் சைஸ் கேள்வி வந்தால் எந்த ஃபார்முலா: பரீட்சைக்கு முந்தின வார நோட்ஸ்

காவடி லீவு முடிந்த கையோடு கம்யூனிட்டி மெடிசின் பரீட்சை. ஜூனியர் தம்பி தங்கச்சிகள் ஆளாளுக்கு ஒரே சந்தேகத்தைக் கேட்பதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். பிரிண்ட் எடுத்து ரோஸ் ஹில் பஸ்ஸிலேயே படித்துவிடலாம், அவ்வளவுதான் விஷயம்.

கேள்வியைப் பார்த்ததும் எண்களை அடிக்கோடிடாதீர்கள். முதலில் ஆராய்ச்சி முடிந்த பிறகு கையில் என்ன கிடைக்கும் என்று பாருங்கள். "இவ்வளவு சதவீதம், கொஞ்சம் கூடக் குறைய" என்று ஒரே ஒரு எண் கிடைக்குமா, இல்லை "இந்தக் குழுவுக்கும் அந்தக் குழுவுக்கும் வித்தியாசம் உண்டு, இல்லை" என்று ஒரு தீர்ப்பு கிடைக்குமா? முதல் வகைக்கு பவர் தேவையே இல்லை. இரண்டாவது வகைக்கு பவர் இல்லாமல் கணக்கே நடக்காது. கேள்வியில் 80% பவர் என்று கொடுத்திருந்தால் அது ஒப்பீட்டுக் கேள்விதான், யோசிக்கவே வேண்டாம். ஆனால் பவர் கொடுக்கவில்லை என்பதற்காக ஒப்பீடு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள், சில பேராசிரியர்கள் வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள், அப்போது 80% என்று நீங்களே எடுத்துக்கொண்டு அதை விடைத்தாளில் எழுதிவிடுங்கள்.

சரி, ஒரே எண் வகை. பிரிவலன்ஸ் கேட்டால் இது:

```
n = Z² p q / d²        (Z = 1.96)
n = 4 p q / L²         (1.96² ≈ 4)
```

இரண்டும் ஒன்றுதான், L என்பதும் d என்பதும் ஒரே பொருள். இங்கே மொரீஷியஸில் கேள்வி பெரும்பாலும் சர்க்கரை நோயைச் சுற்றியே வரும், 1987-லிருந்து இந்தத் தீவில் அதற்கென்று சர்வே நடக்கிறது, பேராசிரியர்களுக்கும் கைக்கு வசதி. பிரிவலன்ஸ் 20%, பிழை 5% என்று வைத்துக்கொள்வோம். p=20, q=80, L=5, ஆக 4×20×80/25 = 256.

இங்கேதான் பாதிப் பேர் மார்க்கை விடுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அந்த 5% எதன் 5%? "அப்சல்யூட் பிரிசிஷன் 5%" என்றால் L=5, விடை 256. "ரிலேட்டிவ் பிரிசிஷன் 5%" அல்லது "பிரிவலன்ஸில் 5%" என்றால் 20-இல் 5 சதவீதம், அதாவது L=1. இப்போது 4×20×80/1 = 6400. அதே எண்கள், ஒரே ஒரு வார்த்தை மாறியதும் விடை 25 மடங்கு. ரிலேட்டிவ் 10% என்றால் L=2, விடை 1600. எது என்று கேள்வியில் சொல்லவே இல்லையென்றால் "அப்சல்யூட் என எடுத்துக்கொள்கிறேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தொடருங்கள், அந்த ஒரு வரிக்காகவே மார்க் போடுகிறவர்கள் உண்டு. p-ஐயே கொடுக்காவிட்டால் 50% எடுங்கள், pq அங்கேதான் உச்சம், அதனால் சாம்பிள் குறைந்துபோக வழியில்லை. ஒரு எச்சரிக்கை: சதவீதத்தில் போட்டால் q = 100−p, தசமத்தில் போட்டால் q = 1−p. 20-ஐயும் 0.8-ஐயும் ஒரே வரியில் கலந்து வைத்தால் கதை கந்தல்.

சராசரி கேட்டால் (சராசரி ரத்த அழுத்தம், சராசரி பிறப்பு எடை) pq இருந்த இடத்தில் எஸ்.டி-யின் வர்க்கம் வரும்:

```
n = Z² σ² / d²
```

எஸ்.டி 1.5, பிழை 0.2 என்றால் (1.96×1.5/0.2)² = 216.09, விடை 217. சாம்பிள் சைஸில் எப்போதும் மேலே தான் முழுமையாக்க வேண்டும், .09 ஆனாலும் சரி. எஸ்.டி என்ற சொல் கண்ணில் பட்டால் அது சராசரிக் கேள்வி என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லிவிடலாம்.

அப்புறம் ஒப்பீடு. இதில் மனப்பாடம் செய்ய வேண்டியது ஒரே ஒரு எண்: (1.96+0.84)² = 7.84. இது 80% பவருக்கு. 90% கேட்டால் 0.84 இருக்கும் இடத்தில் 1.28 வரும், வர்க்கம் ஏறக்குறைய 10.5.

```
n = 2 × 7.84 × σ² / (μ1 − μ2)²
n = 7.84 × (p1 q1 + p2 q2) / (p1 − p2)²
```

மேலே இருப்பது இரண்டு சராசரிகளுக்கு, கீழே இருப்பது இரண்டு விகிதங்களுக்கு. இரண்டிலும் வருவது ஒரு குழுவுக்கான எண்ணிக்கை. மொத்தம் எவ்வளவு என்று கேட்டிருந்தால் இரண்டால் பெருக்க மறக்காதீர்கள். புது மாத்திரைக்கும் பழைய மாத்திரைக்கும் ரத்த அழுத்தத்தில் 5 மி.மீ வித்தியாசம் எதிர்பார்க்கிறோம், எஸ்.டி 10 என்றால் 62.72, அதாவது குழுவுக்கு 63, மொத்தம் 126. அதே ஆட்களையே மாத்திரைக்கு முன்னும் பின்னும் அளந்தால் முன்னால் நிற்கும் அந்த 2 போய்விடும், எஸ்.டி-யும் வித்தியாசங்களின் எஸ்.டி ஆகிவிடும். அதுவும் 10 என்று கொடுத்தால் 32 பேர் போதும். "முன், பின்" என்ற இரண்டு சொற்களைத் தவறவிட்டால் நான்கு மடங்கு ஆட்களைத் தேடி அலைய வேண்டியதுதான்.

கேஸ் கன்ட்ரோலா கோஹார்ட்டா என்பது இன்னொரு பொறி. ஃபார்முலா இரண்டுக்கும் மேலே சொன்ன விகித ஃபார்முலாவேதான், p1 கண்டுபிடிக்கும் விதம்தான் வேறு. கோஹார்ட்டில் ரிலேட்டிவ் ரிஸ்க் 2, எக்ஸ்போஷர் இல்லாதவர்களில் நோய் 20% என்றால் p1 நேரடியாக 40%. கேஸ் கன்ட்ரோலில் ஆட்ஸ் ரேஷியோ 2, கன்ட்ரோல்களில் எக்ஸ்போஷர் 20% என்றால் 40 போடக் கூடாது:

```
p1 = OR × p0 / (1 + p0 (OR − 1))
```

0.4/1.2, அதாவது 33.3%. கோஹார்ட் விடை குழுவுக்கு 79, கேஸ் கன்ட்ரோல் விடை 169. ஆட்ஸ் என்று படித்துவிட்டு ரிஸ்க் போல் பெருக்கினால் சாம்பிள் பாதிக்கும் கீழே போய்விடும்.

டயக்னாஸ்டிக் டெஸ்ட் கேள்வி அபூர்வம், ஆனால் வந்தால் நல்ல மார்க். சென்சிடிவிட்டி 90%, பிழை 5% என்றால் முதலில் பார்த்த அதே 4pq/L², விடை 144. ஆனால் இந்த 144 பேரும் நோயாளிகளாக இருக்க வேண்டும். பிரிவலன்ஸ் 20% உள்ள கூட்டத்தில் 144 நோயாளிகள் கிடைக்க 144/0.2 = 720 பேரைப் பரிசோதிக்க வேண்டும். ஸ்பெசிஃபிசிட்டி என்றால் நோய் இல்லாதவர்கள்தான் கணக்கு, 0.8-ஆல் வகுக்க வேண்டும்.

கடைசி வரியில் ஒட்டிக்கொண்டு வரும் சில்லறைகளும் உண்டு. கிளஸ்டர் சாம்ப்ளிங் என்றால் டிசைன் எஃபெக்டால் பெருக்குங்கள், கொடுக்காவிட்டால் 2 என எடுப்பது வழக்கம். 10% பேர் விலகுவார்கள் என்றால் 1.1-ஆல் பெருக்காமல் 0.9-ஆல் வகுங்கள்: 63/0.9 = 70. சின்னக் கூட்டம் என்றால், உதாரணமாக 800 பேர் உள்ள பள்ளி, n/(1+(n−1)/N) போட்டு 256-ஐ 195 ஆக்கலாம். தீவு முழுவதும் என்றால் இந்தத் திருத்தத்துக்கு வேலையே இல்லை, 12 லட்சத்துக்கு மேல் மக்கள் இருக்கும்போது 256 அப்படியே 256-தான். N/(1+Ne²) என்ற ஃபார்முலாவைச் சிலர் எல்லாக் கேள்விக்கும் போடுகிறார்கள். அதற்குள் p=50% ஒளிந்திருக்கிறது, கேள்வியில் p கொடுத்திருக்கும்போது அதைப் போட்டால் கொடுத்த தகவலைத் தூக்கி எறிந்த மாதிரி ஆகும்.

போன் உள்ளே விடமாட்டார்கள், சாதாரண கால்குலேட்டர் எடுத்துப் போங்கள், 7.84-ஐ உள்ளே போன உடனே ரஃப் தாளின் மூலையில் எழுதி வையுங்கள்.