விடுமுறையில் எம்பும் பயிற்சி: பள்ளிக் கைப்பந்து அணிக்கான ஆறு வாரத் திட்டம்

அணி மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் வணக்கம். நவம்பர் மாத நடுவில் தொடங்கும் ஆண்டிறுதி விடுமுறையில், வலைக்கு மேல் எம்பும் உயரத்தைக் கூட்டிக்கொள்வதற்கான பயிற்சித் திட்டத்தை இங்கே எழுதியிருக்கிறேன். திட்டத்தில் குதிப்பதைவிடக் குதிக்காமல் இருக்கும் நேரமே அதிகம் என்பதைப் பார்த்து யாரும் ஏமாற்றமடைய வேண்டாம். அது வேண்டுமென்றே அப்படி அமைக்கப்பட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பயிற்றுவித்த மாணவர் ஒருவர், தம் புளோக்கின் கீழ்த்தளத்தில் இரவுதோறும் 200 முறை குதித்து வந்தார். காங்கிரீட் தரை, தேய்ந்த காலணி, ஒருநாள்கூட ஓய்வில்லை. மூன்றாவது வாரத்தில் அவர் எம்பும் உயரம் கூடுவதற்குப் பதிலாகக் குறைந்திருந்தது. ஐந்தாவது வாரத்தில் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த ஆண்டுப் போட்டிகளின் பாதியை அவர் இருக்கையிலிருந்துதான் பார்த்தார். அவருடைய உழைப்பில் குறை காண முடியாது. எண்ணிக்கையைத் தொடக்கத்திலேயே கேட்டறியாத என்மீதுதான் குறை.

எம்புதல் எப்படி நடக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். முழங்காலை மடக்கித் தாழும்போது தொடைத் தசைகளும் குதிகால் நாணும் இழுபடுகின்றன. அந்த இழுவிசை தணிவதற்குள் மேலே தள்ளினால், ரப்பர் பட்டையைப் போல நாண் தன்னிடம் சேர்ந்த ஆற்றலைத் திருப்பித் தருகிறது. தாழ்ந்த நிலையில் தயங்கி நின்றுவிட்டால் அதில் பெரும்பகுதி வீணாகிறது. இந்த இழுத்து விடும் வேகத்தைப் பழக்குவதே பிளையோமெட்ரிக்ஸ். 1960களில் சோவியத் பயிற்சியாளர் யூரி வெர்கொஷான்ஸ்கி, உயரத்திலிருந்து இறங்கியவுடன் எம்பும் முறையை வளர்த்தெடுத்தபோது, அதை ஏற்கெனவே நல்ல வலிமை பெற்றிருந்த விளையாட்டாளர்களுக்காகவே வகுத்தார். இணையக் காணொளிகளில் அந்தப் பின்னணி விடுபட்டுப் போக, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் உயரமான பெட்டியிலிருந்து குதிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

ஆகவே முதல் இரண்டு வாரங்கள் வலிமைக்கும் தரையிறங்கும் முறைக்கும் மட்டுமே. செவ்வாயும் வெள்ளியும் பயிற்சி நாட்கள். மார்போடு எடையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுதல், ஒரு காலை முன்வைத்துத் தாழ்ந்து எழுதல், மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துதல், மாடிப்படி விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குதல் ஆகிய நான்கும் போதும். எடைக்கு எட்டுக் கிலோ டம்பெல் இல்லாதவர்கள் பள்ளிப் பையில் பாடப்புத்தகங்களை அடுக்கிக்கொள்ளலாம். விடுமுறையில் அவற்றுக்கும் வேறு வேலை இல்லை. ஒவ்வொன்றிலும் எட்டு முறை வீதம் மூன்று சுற்றுகள் செய்யுங்கள். கீழே இறங்குவதற்கு மூன்று விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு முறை செய்ய முடியும் என்னும் நிலையில் நிறுத்துங்கள். சுற்றுகளுக்கு நடுவே இரண்டு நிமிடம் ஓய்வெடுங்கள். குதிகால் பயிற்சியை முழங்காலை நீட்டி ஒரு சுற்றும் சற்று மடக்கி ஒரு சுற்றுமாக மாற்றி மாற்றிச் செய்தால், கெண்டைக்காலின் இரு தசைகளும் வலுப்பெறும்.

எடை தூக்கினால் பிள்ளை வளரமாட்டான் என்று அஞ்சும் பெற்றோர் ஆண்டுதோறும் என்னிடம் வருகிறார்கள். சரியான முறையில், பெரியவர் ஒருவரின் மேற்பார்வையில், அளவான எடையுடன் செய்யும் பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதாகச் சான்று இல்லை. வளரும் வயதில் முழங்காலைப் பதம் பார்ப்பது பெரும்பாலும் எண்ணாமல் குதிக்கும் குதிப்புதான்.

தரையிறங்குவதற்கு அரை அடி உயரப் படியே போதுமானது. படியிலிருந்து இறங்கி, இரு பாதங்களும் சேர்ந்து தரையைத் தொட, இடுப்பைப் பின்னால் தள்ளி, அசையாமல் மூன்று விநாடி நில்லுங்கள். முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே சாயக்கூடாது. அவை கால்விரல்களின் திசையிலேயே இருக்க வேண்டும். முழங்கால் உள்ளே சாய்ந்தால் மூட்டின் நடுவே உள்ள முன்சிலுவைத் தசைநார் கிழியக்கூடும், பெண்கள் அணியில் இந்த ஆபத்து கூடுதல் என்பதால் இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். கண்ணை மூடிக்கொண்டுகூட இதைச் சோதிக்கலாம்: நன்றாக இறங்குபவரின் காலடி மெல்லிய தட்டலாகக் கேட்கும், மற்றவருடையது அரிசி மூட்டையைப் போட்டது போல விழும். ஒருநாளைக்கு இப்படி இருபது முறை இறங்கினால் போதும்.

மூன்றாம், நான்காம் வாரங்களில் குதிப்புகள் தொடங்கும். உடலைச் சூடேற்றிய பிறகு, களைப்பு வருவதற்கு முன், வலிமைப் பயிற்சிக்கு முன்பாகவே இவற்றைச் செய்ய வேண்டும். நின்ற இடத்திலிருந்து கைகளை வீசி எம்புதல், 30 சென்டிமீட்டர் பெட்டியின்மீது ஏறிக் குதித்தல், மூன்று காலடி ஓட்டத்துடன் ஸ்பைக்குக்கு எம்புதல் என ஐந்து ஐந்தாகப் பிரித்து, ஒருநாளைக்கு மொத்தம் அறுபது குதிப்புகள். பெட்டியிலிருந்து குதித்து இறங்காமல், நடந்து இறங்குங்கள். ஐந்தாம் வாரத்தில் எண்ணிக்கை எண்பதாகும், ஆறாம் வாரத்தில் நாற்பதாகக் குறையும். உயர்நிலை மூன்று, நான்கில் படிப்பவர்களுள் தரையிறங்குதல் செம்மையாக இருப்போர் மட்டும், ஐந்தாம் வாரத்தில் அந்த எண்பதுக்குள்ளேயே, 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து இறங்கியவுடன் எம்பும் பயிற்சியைப் பத்து முறை செய்யலாம். அதையும் நான் பக்கத்தில் நிற்கும்போதுதான்.

ஓய்வைப் பற்றி இரண்டு தளங்களில் சொல்ல வேண்டும். முதலாவது, சுற்றுகளுக்கு நடுவே உள்ள ஓய்வு. ஐந்து குதிப்புகளுக்குப் பத்து விநாடி ஆகும் என்றால், அதைப்போல ஐந்து முதல் பத்து மடங்கு நேரம், அதாவது ஏறக்குறைய ஒரு நிமிடத்திலிருந்து ஒன்றரை நிமிடம் வரை நின்று மூச்சை நிதானப்படுத்துங்கள். மூச்சிரைக்க இரைக்கக் குதித்தால் அது ஓட்டப் பயிற்சியாகிவிடும். எம்பும் வேகம் அதிகரிக்காது. இரண்டாவது, பயிற்சி நாட்களுக்கு நடுவே உள்ள ஓய்வு. நாணும் தசையும் குதிப்பின்போது வலுப்பெறுவதில்லை, அதற்குப் பிந்தைய 48 முதல் 72 மணி நேரத்தில்தான் தம்மைச் சீர்செய்துகொள்கின்றன. செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் இடையில் அந்த நேரம் கிடைக்கிறது. புதன்கிழமை பந்துப் பயிற்சியில் சர்வீஸ், பந்து எடுத்தல், செட்டிங் மட்டுமே இருக்கும். ஸ்பைக்கும் தடுப்பும் இருக்காது. நண்பர்களோடு சமூக மன்றத்தில் ஆட்டம் ஆடினால், அங்கே குதித்தவையும் கணக்கில் சேரும். அதை மறைக்காமல் என்னிடம் சொல்லுங்கள்.

இரவில் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் உறங்குங்கள். விடுமுறை என்பதால் கைப்பேசியோடு விடியற்காலை இரண்டு மணி வரை விழித்திருப்பவரின் கால்களில் மறுநாள் துள்ளல் இருக்காது. காலை ஒன்பது மணிக்கு முன்போ மாலை ஐந்துக்குப் பிறகோ பள்ளி மண்டபத்தின் மரத்தரையில் பயிற்சி செய்யுங்கள், தண்ணீர் எடுத்து வாருங்கள்.

முழங்கால் சில்லுக்குக் கீழேயோ, அதற்கும் கீழே எலும்பு புடைத்திருக்கும் இடத்திலோ வலி தெரிந்தால் அன்றே குதிப்பை நிறுத்துங்கள். வேகமாக உயரம் கூடும் பருவத்தில் அந்தப் புடைப்பில் வலி வருவது உண்டு, அதைப் பொறுத்துக்கொண்டு ஆடுவது வீரம் அல்ல. மறுநாள் காலையிலும் வலி நீடித்தால் என்னிடமும் பெற்றோரிடமும் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

முதல் செவ்வாய்க்கிழமை எல்லோரையும் அளப்போம். சுவரை ஒட்டி நின்று கையை உயர்த்தும்போது விரல்நுனி தொடும் இடத்தில் ஒரு கோடு, சுண்ணாம்பு பூசிய விரலால் எம்பித் தொடும் இடத்தில் மற்றொரு கோடு. மூன்று முயற்சிகளில் சிறந்ததை எடுத்துக்கொண்டு இடைவெளியைச் சென்டிமீட்டரில் குறிப்பேன். பயிற்சியின் நடுவே உங்கள் விரல் வழக்கமான கோட்டுக்கு மூன்று சென்டிமீட்டர் கீழே படத் தொடங்கினால், அன்றைய குதிப்புகள் அத்தோடு முடிந்தன. மீதி எத்தனை இருந்தாலும் சரி. அதே சுவரில், அதே காலணியுடன், ஆறாம் வாரத்து வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு மீண்டும் அளப்போம். சுண்ணாம்புக் கட்டியை நான் கொண்டு வருகிறேன்.