மணி பாக்குறேன்

அவ தலைக்கு மேல ஒரு கடிகாரம் இருக்கு
ரெண்டு ஜன்னலுக்கு நடுவுல, மூணாவது பெஞ்சுக்கு நேரா
அங்க ஆணி அடிச்சவர் யாரோ தெரியல
அவர் நல்லா இருக்கணும்

ஒரு நாளைக்கு எத்தன தடவ மணி பாக்குறேன்னு
எனக்கே கணக்கு இல்ல
"எப்படா பெல் அடிக்கும்னே பாத்துட்டு இருக்கான்"னு
கணக்கு சார் ஒருநாள் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு
எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சு வச்சேன்
பெல்லே அடிக்கக் கூடாதுன்னு இருக்குறவன பாத்து
இப்படி சொன்னா வேற என்ன பண்றது

முதல்ல பெரிய முள்ளு
அப்புறம் சின்ன முள்ளு
அப்புறம் கீழ எறங்குற வழியில
ஒரே ஒரு செகண்ட், அவ
ஒடனே போர்டு
இந்த ரூட்ட நான் மாத்துனதே இல்ல

அந்த ஒரு செகண்ட்ல என்ன தெரியும்னு கேக்காதீங்க
பேனா மூடிய பல்லுல கடிச்சிட்டு இருப்பா
இல்லன்னா காதோரம் முடிய ஒதுக்குவா, அது ஒதுங்காது
சில நாள் வெறும் தோள்பட்ட மட்டும் தான் கெடைக்கும்
அதுவும் போதும், சாயங்காலம் வரைக்கும் ஓடிடும்

அட்டெண்டன்ஸ்ல அவ 17, நான் 23
நடுவுல அஞ்சு பேரு
அவ "எஸ் சார்" சொன்னதுக்கப்புறம்
அந்த அஞ்சு பேரு சொல்லி முடிக்கிறதுக்குள்ள
நான் என் குரல சரி பண்ணிக்கணும்
22 வராத நாள்ல கொஞ்சம் திணறிடுவேன்

ஒருநாள் அந்த "எஸ் சார்" மூக்கடைச்சு வந்துச்சு
அவளுக்கு நேர் மேல ஃபேன் சுத்துது, ஸ்விட்ச் போர்டு என் பக்கம், நான் யார்கிட்டயும் கேக்காம போய் ரெகுலேட்டர ரெண்டுல வச்சிட்டு வந்துட்டேன், பின்னாடி பெஞ்சு மொத்தமும் எழுந்து சண்டைக்கு வருது, எனக்கு குளுருதுடான்னு சொல்றேன், நெத்தியில வேர்த்து ஊத்துது
அவ திரும்பி பாக்கல
கர்ச்சீப்ப எடுத்து மடியில வச்சிக்கிட்டா
அவ்ளோதான்

அவ நோட்டு ஒரு தடவ என் கைக்கு வந்திருக்கு
நேரா இல்ல, நாலு கை மாறி
அவளுக்கு என் கைக்கு வந்ததே தெரியாது
அழுத்தி எழுதுவா போல, பக்கத்த திருப்புனா பின்பக்கம் எல்லாம் மேடு மேடா இருக்கு
நான் முன்பக்கத்த காப்பி பண்ணேன்
பின்பக்கத்த வெரலால படிச்சேன்
(ஒரு எழுத்து கூட புரியல, எடம் வலமா மாறி இருக்கும்ல)

மழ இருட்டுன நாள்ல ஜன்னல் கண்ணாடியில அவ தெரிவா
அன்னிக்கு மட்டும் கடிகாரத்துக்கு லீவு
கண்ணாடியில பாக்குறதுல ஒரு தைரியம் இருக்கு
ஆனா ஒருநாள் கண்ணாடிக்குள்ள இருந்த அவளும் இந்தப் பக்கம் பாத்த மாதிரி இருந்துச்சு
மழைய பாத்திருப்பா
மழைய தான் பாத்திருப்பா
நான் ஒரு வாரத்துக்கு அந்த ஜன்னல் பக்கமே போகல

பேசணும்னு தோணாமலா இருக்கும்
தண்ணி குடிக்கிற எடத்துல ஒரு தடவ
எனக்கு முன்னாடி அவ தான் நின்னா
"நீ பிடிச்சுக்கோ"ன்னு நகந்து நின்னா
எனக்கு தாகமே இல்லன்னு சொல்லிட்டு
காலி பாட்டிலோட திரும்பி வந்தேன்
அத நெனச்சா இப்பவும் ராத்திரி தலகாணிய கடிக்கணும் போல இருக்கு

அவ வராத நாள்ல மணி பாக்க மாட்டேன்
அவ எடத்துல அவ ஃப்ரெண்டு பைய வச்சிருப்பா
பையோட வார் தொங்கிட்டு இருக்கும்
அன்னிக்கு நோட்ஸ் மட்டும் தெளிவா எழுதியிருப்பேன்
நாலு கை மாறியாவது
போய் சேராதான்னு

போன செவ்வாக்கெழம அந்த கடிகாரம் நின்னு போச்சு
பத்து இருபதுல
யாரும் கண்டுக்கல, எல்லாரும் செல்லுலயோ கையிலயோ மணி பாக்குறவங்க
எனக்கும் தெரியல, சத்தியமா
முள்ள நான் என்னிக்கு பாத்தேன்

புதன், வியாழன்
பெரிய முள்ளு, சின்ன முள்ளு, அவ, போர்டு
வெள்ளிக்கெழம மத்தியானம்
எறங்குற வழியில என் கண்ணு இடிச்சு நின்னுச்சு
அவ திரும்பியிருந்தா
என்ன பாத்தா
மெதுவா தலைய தூக்கி கடிகாரத்த பாத்தா
கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தா
அப்புறம் மறுபடி என்ன பாத்தா

பீரியட் முடிஞ்சு எல்லாரும் எழுந்து நிக்கிற சத்தத்துல
என் பெஞ்சு பக்கமா வந்து
"மணி என்ன?"ன்னு கேட்டா
அவ கையில வாட்ச் இருந்துச்சு
மூணு இருக்கும் அப்ப
நான் சுவத்த பாத்து
"பத்து இருபது"ன்னேன்

"ம்ம்"ன்னா
வாட்ச பாக்கல