பாட்டு டீச்சருக்கு, பெற்றோர்களின் வாழ்த்து

டீச்சருக்கு வணக்கம்.

நேற்று நவராத்திரி மேடையில் பிள்ளைகள் பாடி முடித்ததுமே உங்களிடம் வந்து பேச நினைத்தோம். சுண்டல் வாங்கும் கூட்டத்தில் முடியவில்லை. அதனால் எல்லோரும் சேர்ந்து இதை எழுதுகிறோம்: மனமார்ந்த வாழ்த்துகள், டீச்சர்!

மோகன ராக கீதத்தின் நடுவில் மைக் கீச்சென்று கத்தியதும் எங்களுக்குத் திக்கென்றது. கடைசியில் உட்கார்ந்திருந்த குட்டிப்பையன் தாளத்தை விட்டுவிட்டு உங்களையே பார்த்தான். நீங்கள் முதல் வரிசையில் உட்கார்ந்து, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தீர்கள். அடுத்த ஆவர்த்தனத்தில் அவன் சரியாகச் சேர்ந்துகொண்டான். அதைப் பார்த்து இரண்டு அம்மாக்கள் அழுதே விட்டார்கள். (அப்பாக்களைப் பற்றிச் சொல்லப் போவதில்லை.)

ஒன்றரை வருடமாக மாயாமாளவகௌளையில் சரளி, ஜண்டை, அலங்காரம் என்றே போனபோது, "பாட்டுக்கு எப்போ வருவீங்க?" என்று உங்களை நச்சரித்தவர்கள் நாங்கள்தான். நேற்று 11 பேரும் ஒரே சுருதியில் நின்றபோது புரிந்தது. இனிமேல் கேட்க மாட்டோம்.

வியாழக்கிழமை வகுப்புக்கு ஒரு டப்பா அதிரசம் வருகிறது. வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்,
11 பிள்ளைகளின் அம்மா அப்பாக்கள்