மண்டபத்துக்கு வந்துட்டேன்

அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின ராத்திரி, பத்து நாற்பதுக்கு, முத்திருளன் செய்தி அனுப்பினான்: ‘மண்டபத்துக்கு வந்துட்டேன். நீ?’

ஒற்றை டிக் விழுந்தது. எதிர்சேவை ராத்திரி தல்லாகுளம் சுற்று வட்டாரத்தில் போன் எடுபடாது என்பது தெரிந்ததுதான். அழைத்தால் மணியே அடிக்காது. செய்தி மட்டும் கூட்டத்தின் சந்துபொந்தில் நுழைந்து எப்போதாவது போய்ச் சேரும். அவன் போனை மடியில் செருகிக்கொண்டு ராமராயர் மண்டபத்துக்குக் கிழக்கே ஒரு வேப்பமரத்தடியில் துண்டை விரித்தான். அழகர் மேல் தண்ணீர் பீச்சுகிற தோல்பையான தோப்பரையைப் பக்கத்தில் வைத்தான்.

அதை வெறும் தரையில் வைக்கக் கூடாது. ஒரு வருஷமாக உத்தரத்தில் தொங்கிய ஆட்டுத்தோல் அது. முந்தின நாள் காலையிலேயே தொட்டித் தண்ணீரில் முக்கி, மேலே அம்மிக்கல்லைப் பாரம் வைத்து, ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஊறப்போட்டிருந்தான். காய்ந்த தோலில் அவசரப்பட்டுத் தண்ணீர் பிடித்தால் மடிப்பு விழுந்த இடத்தில் மயிரிழை போல வெடிக்கும். வெளியே தெரியாது. தோளில் மாட்டி நாலு அடி நடந்த பிறகுதான் முதுகு நனையும். ஊறின தோலுக்கு உள்ளே விளக்கெண்ணெய் தடவி, பின்னங்கால் இரண்டையும் முன்னங்கால் ஒன்றையும் முறுக்கி மடித்து மெழுகு நூலால் கட்டியாகிவிட்டது. கழுத்து வழியாகத் தண்ணீர் பிடிக்க வேண்டும். மிச்சமிருந்த முன்னங்கால் மட்டும் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. பித்தளைக் குழாய் அதில்தான் சொருகும். குழாய் சோணையிடம் இருந்தது.

போன வருஷம் குழாயின் துவாரம் தேய்ந்துபோய்த் தண்ணீர் குடை மாதிரி விரிந்தது. பத்தடி தள்ளி நின்றவன் தோளைத்தான் நனைத்ததே தவிர அழகர் பக்கம் போகவில்லை. சோணை அதைத் திருப்பூருக்கு எடுத்துப்போய், தெரிந்த லேத்து பட்டறையில் புதிதாகக் கடைந்து வைத்திருந்தான். நுனித் துவாரம் மூன்று மில்லிமீட்டர். நாலுக்குப் போனால் வீச்சு போய்விடும். இரண்டுக்கு இறங்கினால் கைகொடுத்து அமுக்குகிற வேகம் திரும்பி வந்து தையலைப் பிரிக்கும். போனில் இதையெல்லாம் மணிக்கணக்கில் பேசியவர்கள்தான், எங்கே சந்திப்பது என்பதைப் பேசவில்லை. ‘வழக்கமான எடந்தானடா’ என்றான் சோணை. ‘பின்ன?’ என்றான் இவன்.

பதினான்கு வருஷமாக இருவரும் ஒரே பஸ்ஸில் மேலூர்ப் பக்கத்திலிருந்து ஏறி, மாட்டுத்தாவணியில் ஒன்றாக இறங்கியவர்கள். அங்கிருந்து புதுமண்டபம் போய்த் தையல்காரரிடம் துணி வாங்கி, அங்கேயே சல்லடமும் கச்சையும் கட்டிக்கொண்டு, ராத்திரியோடு ராத்திரியாக நடந்து ஆற்றுக்கு வருவார்கள். ஒருவன் இன்னொருவனுக்காகக் காத்து நின்றது ஒரு வருஷம்கூட இல்லை. சோணை பனியன் கம்பெனி வேலைக்குப் போனபிறகு இதுதான் முதல் சித்திரை.

திருப்பூர் பஸ் மாட்டுத்தாவணிக்கு வராது, ஆரப்பாளையத்தில் நிற்கும். ஆரப்பாளையம் வைகைக்குத் தென்பக்கம். இறங்கினவனுக்குக் கோயில்தான் கிட்டம். மாட்டுத்தாவணி வடபக்கம், அங்கிருந்து வந்தவனுக்கு ராமராயர் மண்டபம் கிட்டம். இருவர் காலும் அவரவருக்குப் பக்கத்து மண்டபத்துக்கு இழுத்துப்போய்விட்டன.

சோணை பதினொரு மணிக்குக் கீழக்கோபுரத்துக்கு எதிரே இருந்தான். புதுமண்டபத்தில் இப்போது கடைகள் இல்லை. திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம், வசந்த விழாவுக்கு என்று எழுப்பியது. பின்னாளில் தூணுக்குத் தூண் தையல் மிஷினும் பாத்திரமும் புத்தகமுமாக நிறைந்து கிடந்தது. கடைகளை எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிய பிறகு மண்டபம் துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. (சிலைகளுக்கு மூச்சு வந்தது வாஸ்தவம். ஆனால் சல்லடத்துக்கு அளவு கொடுக்கப் போகிறவனுக்கு அந்தத் தூணடிதான் இன்னமும் கடை.) சோணை முதலில் சத்திரத்துக்குப் போய்த் துணியை வாங்கிக்கொண்டான். சிவப்பு வெல்வெட், ஓரத்தில் சரிகை.

“நாலு விரக்கடை கூட விட்டிருக்கேன்” என்றார் தையல்காரர். “வெல்வெட்டு இழுத்துக் குடுக்காது. குனிஞ்சு தண்ணி பீச்சுறப்ப பின்னாடி பிரிஞ்சுரும். போன தடவ பிரிஞ்சுச்சில்ல?”

“அது அவனுக்குண்ணே.”

“ரெண்டு பேருக்குந்தான் விட்டிருக்கேன். எங்க அவென்?”

“வந்துருவான். மண்டபத்துல நிக்கச் சொல்லிருக்கேன்.”

சொன்னவன் புதுமண்டபத்துக்கு வெளியே, கம்பித் தடுப்பை ஒட்டி உட்கார்ந்தான். முத்திருளனின் செய்தி ஒரு மணி வாக்கில் வந்து விழுந்தது. படித்ததும் எழுந்துவிட்டான். ‘நானும் மண்டபத்துலதான் இருக்கேன். எங்கிட்டு நிக்கிற?’ என்று தட்டிவிட்டு, மண்டபத்தை வலம் சுற்ற ஆரம்பித்தான். கிழக்கே முடியாமல் நின்றுபோன ராயகோபுரம் வரை போய்ப் பார்த்தான். அங்கே படுத்திருந்தவர்கள் முகத்தில் போன் வெளிச்சத்தை அடித்து இரண்டு வசவு வாங்கினான்.

அந்தச் செய்தி வடகரைக்குப் போய்ச் சேர ஒன்றே கால் ஆனது. முத்திருளனும் எழுந்தான், தோப்பரையைத் தோளில் போட்டுக்கொண்டு. ‘தூணுக்குப் பக்கத்துல நில்லு’ என்று போட்டான்.

இரண்டு மண்டபத்திலும் தூண் இருந்தது.

‘போலீஸ் தடுப்பு போட்டிருக்கானே, அங்கன இருக்கேன்.’ தடுப்பு இரண்டு இடத்திலும் இருந்தது. ‘மோர்ப் பந்தலுக்கு எதுத்தாப்புல.’ அன்றைக்கு மதுரையில் மோர்ப் பந்தல் இல்லாத தெருமுனை ஏது? ‘சாமி வேசம் போட்டு ஒரு கூட்டம் ஒக்காந்திருக்கு பாரு, அதுக்குப் பின்னாடி.’ சோணைக்கு எதிரேயும் ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. கையில் திரி, தலையில் உருமா, நடுவில் ஒருவர் வர்ணிப்பு பாடிக்கொண்டிருந்தார். அவர் பின்னால் போய் நின்று ஒவ்வொரு முதுகாகப் பார்த்தான். ஆறேழு பேர் தோளில் தோப்பரை தொங்கியது. எல்லாம் புதுத் தோல், வெளுப்பாக இருந்தது. இருளனுடையது எண்ணெய் ஏறிக் கறுத்துக் கிடக்கும், இடது பின்னங்காலில் பச்சை நூல் கட்டியிருக்கும்.

செய்திகள் வரிசையாகவும் வரவில்லை. மூன்றாவது முதலில் வந்தது, இரண்டாவது கடைசியில் வந்தது. ‘சுத்திக்கிட்டே இருக்காத, ஒரே எடத்துல நில்லு’ என்று சோணை அனுப்பியது கிடைத்த நேரத்தில், ‘நீ நில்லு, நான் சுத்துறேன்’ என்று இருளன் அனுப்பியதும் அங்கே போய்ச் சேர்ந்தது. அரைமணி நேரம் இரண்டு பேரும் நின்றார்கள். அப்புறம் இரண்டு பேரும் சுற்றினார்கள். இரண்டரைக்கு இருளனுக்கு நிசமாகவே கோபம் வந்துவிட்டது. திருப்பூர்க் காசு கண்ணை மறைக்கிறது, வராமலே வந்ததாகச் சொல்கிறான் என்று முடிவு கட்டினான். விரதம் இருக்கும்போது அப்படி நினைத்தது தப்பு என்று தோன்றி, நெற்றியில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டான்.

அவனை வேறு ஒரு கவலையும் பிடித்தது. தோப்பரையில் தண்ணீர் பிடித்தாக வேண்டும். நேரம் ஆக ஆக ஆற்றோரத்தில் கால் வைக்க இடம் இருக்காது. வைகை அணையில் தண்ணீர் திறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது, கரையோரம் முழங்கால் அளவு ஓடியது. இறங்கி, துணியை வாயில் கட்டி வடிகட்டி, எட்டு லிட்டர் பிடித்தான். குழாய் சொருக வேண்டிய காலை மடித்து இடதுகையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பக்கத்தில் ஒரு பையன் பூச்சிமருந்து அடிக்கிற பம்பில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தான். “தம்பி, அத உள்ள விடமாட்டான். போலீசு பிடுங்கிருவான்” என்றான் இருளன். அந்த வேகம் சாமி மேலும் குதிரை மேலும் பட்டர்கள் கண்ணிலும் அடிக்கும் என்றுதான் பிரஷர் பம்பு கூடாது என்கிறார்கள். பையன் கேட்கிற மாதிரித் தெரியவில்லை.

கரையேறி, ஈரக் கையோடு இருளன் தட்டினான்: ‘நான் தண்ணி பிடிச்சுட்டேன். நீ வந்து குழாயச் சொருகு.’

மூன்றே முக்காலுக்குச் சோணை அதைப் படித்தான். சுற்றிலும் பார்த்தான். கல், கம்பி, ஒரு டீக்கடை. டீக்கடைக்காரரிடம் கேட்டான்.

“அண்ணே, இங்க தண்ணி எங்க பிடிப்பாக?”

“குடிக்கவா?”

“தோப்பரைக்கு.”

“தோப்பரைக்கு இங்க ஏதுப்பா தண்ணி? ஆத்துலதான்.”

சோணை கொஞ்ச நேரம் டீக்கடைக்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு துணிப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தான். ஓட்டம் என்பது கீழமாசி வீதி வரைக்கும்தான். அதற்கப்புறம் கூட்டம் நகர்த்திக்கொண்டு போனது. யானைக்கல்லுக்கு வரும்போது கிழக்கு வெளுத்துவிட்டது. ஏ.வி. பாலத்தில் ஏறவிடவில்லை. தென்கரையில் இறங்கி, முன்னால் நின்றவன் தோளுக்கும் ஒரு அம்மாவின் கொண்டைக்கும் நடுவே தலையை விட்டு நின்றான்.

தங்கக் குதிரை தெரிந்தது. “பச்ச! பச்சப் பட்டு!” என்று முன்னாலிருந்து சத்தம் பின்னால் ஓடிவந்தது. பச்சை உடுத்தி இறங்கினால் வெள்ளாமை கொழிக்கும் என்பார்கள். கோவிந்தா கோஷத்தில் தன் குரலே தனக்குக் கேட்கவில்லை. குதிரைக்கு அந்தப் பக்கம், வடகரையில், தலைகள் தலைகளாக இருந்தன. அதில் ஒன்று இருளன்.

அழகர் கரையேறி ராமராயர் மண்டபத்துப் பக்கம் திரும்பிய பிறகு கூட்டம் மெல்லக் கரைந்தது. அப்போதுதான் போன் அடித்தது. சார்ஜ் நாலு சதவீதம்.

“டேய், எங்கிட்டுடா இருக்க?”

“ஆத்துல.”

“எந்தக் கரை?”

“தெக்க. நீ?”

“வடக்க. மண்டபத்துக்குக் கிழக்க, வேப்பமரம்... நீ எந்த மண்டபத்துலடா இருந்த?”

“அத விடு. நீ நில்லு, நான் வர்றேன்.”

“வேணாம், கூட்டத்துல குழாயத் தொலைச்சிருவ. நீ நில்லு, நான் வர்ற...”

போன் அணைந்துவிட்டது.

இருளன் ஒரு அடி எடுத்து வைத்தான். எட்டுக் கிலோவும் தோளில் இறங்கியது. மடித்துப் பிடித்த காலிலிருந்து தண்ணீர் மணிக்கட்டு வழியே முழங்கைக்கு ஓடியது. அப்படியே வேப்பமரத்தில் சாய்ந்து நின்றுகொண்டான்.

தென்கரையில் சோணை, பாரம் தூக்கினவன் எப்படி வருவான் என்று யோசித்தான். தடுப்பைத் திறந்துவிட்டிருந்தார்கள். வேட்டியைத் தூக்க ஒரு கை, துணிப் பையைத் தலையில் பிடிக்க ஒரு கை வேண்டியிருந்தது. பித்தளைக் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினான்.